மறுப்பு என்று எழுதிப் பெயரை அடிக்காதீர்கள்: மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

உங்கள் அலுவலகம் சென்ற ஆய்வுக் கூட்டத்தில் செவிலியர்களிடம் கொடுத்த அரைப் பக்கப் படிவத்தைப் பற்றி எழுதுகிறேன். குழந்தைக்குத் தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதற்கான படிவம் அது. குழந்தையின் பெயர், ஊசியின் பெயர், "எங்கள் விருப்பத்தின் பேரில் மறுக்கிறோம், பின்விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அவ்வளவுதான். கையெழுத்து கிடைத்ததும் ரிஜிஸ்டரில் "மறுப்பு" என்று குறித்துவிட்டு, ஊசி போட வேண்டிய குழந்தைகளின் பட்டியலான டியூ லிஸ்டிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடலாம் என்று கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

நான் பணி ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். இப்போது வேலையில் இருக்கும் பெண்கள் சிலர் இந்தப் படிவத்தை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அவர்களால் உங்களுக்கு வெளிப்படையாக எழுத முடியாது. எனக்கு அந்தத் தடை இல்லை.

மறுப்பைப் பதிவு செய்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பதிவு அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகிறவருக்குப் பயன்பட வேண்டும். அந்தக் குழந்தை காய்ச்சலோடு வந்தால் பார்க்கிற டாக்டருக்குப் பயன்பட வேண்டும். நீங்கள் கொடுத்த படிவம் அலுவலகத்தைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாது. அதில் காரணம் எழுத இடமில்லை, என்ன சொல்லிப் புரியவைத்தோம் என்று எழுத இடமில்லை, மறுபடி எப்போது கேட்கப் போகிறோம் என்று எழுதவும் இடமில்லை.

இதனால் என்ன நடக்கும் என்பதை யூகித்துச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எங்கள் பகுதியில் இதே பழக்கம் வேறு வடிவத்தில் இருந்தது. கையெழுத்து கிடையாது, ரிஜிஸ்டரில் "மறுப்பு" என்று ஒரு சொல் மட்டும் எழுதுவார்கள். அப்படி எழுதப்பட்ட ஒரு ஆண் குழந்தையைச் சொல்கிறேன். ஆறாவது வார ஊசிக்கு நாங்கள் அழைத்தபோது அந்தத் தாய், "அவரைக் கேக்காம போட மாட்டேன் சிஸ்டர், பொங்கலுக்கு வர்றாரு, அப்பக் கேளுங்க" என்றார். கணவர் வளைகுடாவில் வேலை செய்தார். இது மறுப்பே இல்லை. யாரிடம் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்று அந்தப் பெண் தெளிவாகச் சொல்லிவிட்டார். ரிஜிஸ்டரில் விழுந்தது மட்டும் அந்த ஒரு சொல். கொஞ்ச நாளில் அவர் குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஊர்ச் செவிலியரின் பட்டியலில் குழந்தையின் பெயர் இல்லை, எங்கள் பட்டியலில் முடிந்துபோன கணக்கு. பொங்கல் வந்து போனது. கணவரிடம் யாரும் கேட்கவில்லை.

பதின்மூன்று மாதத்தில் இருமலுக்காக அந்தக் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கார்டைப் பார்த்தபோதுதான், பிறந்த அன்று போட்டதோடு சரி, வேறொன்றும் போடவில்லை என்று தெரிந்தது. நம் அரசு அட்டவணையில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டா ஊசியின் முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். தொடங்கிவிட்டால் மீதித் தவணைகளை ஒரு வயதுக்குப் பிறகும் முடிக்கலாம். தொடங்காமலே ஒரு வயது தாண்டினால் பெண்டா கிடையாது, முத்தடுப்பூசிதான். அதில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி மூன்றுக்கும் பாதுகாப்பு வந்துவிடும். பெண்டாவில் கூடுதலாக இருக்கும் இரண்டில் ஒன்று ஹிப் கிருமிக்கானது, கைக்குழந்தைகளுக்கு நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொடுக்கிற கிருமி. அந்தப் பாதுகாப்பு அந்தப் பையனுக்குக் கிடைக்காமல் போனது. வயிற்றுப்போக்குக்கான ரோட்டா சொட்டு மருந்தைத் தொடங்கும் வயதும் கடந்துவிட்டது. அவன் அப்பா வந்ததும் முதல் கேள்வியாகக் கேட்டது, "என்னை ஏன் யாரும் கேக்கல?"

"அப்பா பொங்கலுக்கு வருகிறார், அவரிடம் பேச வேண்டும், போன் எண் இது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். உங்கள் புதிய படிவத்தில் அந்த ஒரு வரிக்குத்தான் இடமில்லை.

ஊசி போடாத எல்லாக் குழந்தைகளையும் ஒரே சொல்லில் அடைப்பது எவ்வளவு தவறு என்று நீங்களும் அறிவீர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். ஊசி போடும் நாளான புதன்கிழமையின் சம்பளத்தை விட முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள். தலைப்பிரசவம் முடிந்து தாய் வீட்டில் இருப்பவர்கள், அன்றைக்கு மருந்து இருப்பு இல்லாமல் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். கடைசியில், உண்மையாகவே பயந்து மறுப்பவர்களும் இருக்கிறார்கள். நான் அதிகம் பேச வேண்டியது இந்தக் கடைசிப் பிரிவைப் பற்றித்தான். இவர்களோடுதான் நாம் மிக அவசரமாக நடந்துகொள்கிறோம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தபோது, நம் மாநிலத்தில் எத்தனை தாய்மார்கள் கார்டை மடித்து உள்ளே வைத்தார்கள் என்பது களத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளால் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பாதவர்கள் இருந்தார்கள். இந்த இரண்டு பயமும் ஒன்றல்ல. முதலாவது உண்மையில் நடந்ததைப் பார்த்து வந்த பயம். இரண்டாவது கேள்விப்பட்டதில் வந்தது. முன்னதற்குச் சொல்கிற பதிலைப் பின்னதற்குச் சொல்ல முடியாது. எந்தப் பயம் என்று எழுதி வைக்காவிட்டால், அடுத்து போகிற செவிலியர் தவறான பதிலை எடுத்துக்கொண்டுதான் போவார்.

ஒரு வீட்டை முழுதாகச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிடுகிறேன்.

மூத்தவன் ஆண். ஒன்றரை வயதில் பூஸ்டர் ஊசி போட்டார்கள். அன்று இரவு காய்ச்சல், விடியற்காலையில் வலிப்பு. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். பையன் நன்றாகிவிட்டான். ஆனால் "இது ஊசியால் வந்ததில்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஊசிக்குப் பிறகு குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால், ஊசிதான் காரணமா என்பது தெரிவதற்கு முன்பே, 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது நம் விதி. இந்தப் பையன் விஷயத்தில் யாரும் தெரிவிக்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நடந்தது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை.

அப்புறம் தங்கை பிறந்தாள். பிறந்த அன்று பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு எல்லாம் ஆஸ்பத்திரியிலேயே போட்டுவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் மறுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போன செவிலியர் நல்ல பெண். நடந்தது தெரியாமல், "வாட்ஸ்அப் வதந்தியை நம்பாதீர்கள்" என்று நீண்ட நேரம் பேசியிருக்கிறார். அந்த வீட்டில் யாரும் வாட்ஸ்அப்பைப் பார்த்துப் பயப்படவில்லை. தன் பிள்ளை கண் செருகிக் கிடந்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்கள். நான் போனபோது பாட்டி வாசலிலேயே நின்று, "மூத்தவனுக்குப் பட்டதே போதும் நர்சம்மா" என்றார்.

அன்று நான் எழுதி வைத்ததை ஏறக்குறைய அப்படியே தருகிறேன். படிவம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

"ஆறாவது வாரம். பெண் குழந்தை, எடை 4.3 கிலோ, தாய்ப்பால். பெண்டா, நிமோனியா ஊசி, போலியோ ஊசி மூன்றும் வேண்டாம் என்றார்கள். போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு இரண்டுக்கும் சம்மதம், கொடுத்தாயிற்று. பேசியது அப்பாவும் பாட்டியும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. காரணம், அப்பா சொன்னபடி: 'பெரியவனுக்கு ஒன்றரை வயசு ஊசி போட்ட ராத்திரியே ஜன்னி. ஊசியால இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இவளுக்கும் அப்படி ஆச்சுன்னா?' நான் சொன்னது: பெண்டா எந்த ஐந்து நோய்களைத் தடுக்கும், ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம், போடாமல் விட்டால் இந்த வயதில் கக்குவான் இருமல் எப்படி இருக்கும் என்பது. எனக்குப் பதில் தெரியாத கேள்வி: அண்ணனுக்கு வலிப்பு வந்தால் தங்கைக்கும் வருமா? டாக்டரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். மூத்தவனின் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அடுத்து: பத்தாவது வாரம் சொட்டு மருந்துக்கு வருவார்கள். அப்பா மாலையில்தான் வீட்டில் இருப்பார், அப்போது போய்ப் பேச வேண்டும்."

இதில் ஒவ்வொரு வரியும் பிறகு வேலை செய்தது. சொட்டு மருந்துக்குச் சம்மதம் என்று எழுதியதால்தான் பத்தாவது வாரத்தில் அவர்களை அழைக்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் சேர்த்து "மறுப்பு" என்று போட்டிருந்தால் அந்தச் சொட்டு மருந்தும் போயிருக்கும், நமக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பும் போயிருக்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியதால் அவரிடம் தனியாகப் பேசினேன். அவருக்கு ஊசி போட ஆசைதான், ஆனால் இன்னொரு முறை ஏதாவது நடந்தால் பழி தன் தலையில் விழும் என்று பயந்தார். பதில் தெரியாத கேள்வி என்று எழுதியதால் அது டாக்டரிடம் போனது.

டாக்டர் அந்த டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்துவிட்டு அப்பாவிடம் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "ஊசியால காய்ச்சல் வந்திருக்கலாம், காய்ச்சலால வலிப்பு வந்திருக்கலாம். நீங்க சொன்னதுல தப்பில்ல" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அந்த மனிதர் அத்தனை நாளும் காத்திருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்புறம் டாக்டர் விளக்கினார். காய்ச்சல் வலிப்பு சில குடும்பங்களில் வரும் தன்மை உண்டு. எந்தக் காய்ச்சலிலும் வரலாம், பார்க்கப் பயமாக இருக்குமே தவிர அது மூளையைக் கெடுப்பதில்லை. அண்ணனுக்கு வந்தது என்பதற்காகத் தங்கைக்கு ஊசி போடக்கூடாது என்று மருத்துவத்தில் இல்லை. கடைசியாக, காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரைதான் வரும், அதற்கு முன்னால் அரிது. பெண்டாவின் மூன்று தவணைகளும் ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்துவிடும். பயந்து தள்ளிப்போட்டால் அந்தத் தவணைகள் எல்லாம் வலிப்பு வரக்கூடிய வயதில்தான் போய் விழும்.

இத்தனை வருடம் ஊசி போட்ட எனக்கே இந்தக் கடைசி விஷயத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த வீட்டுக்குத் தேவைப்பட்ட பதில் அதுதான். தொண்டை அடைப்பானைப் பற்றி எவ்வளவு பேசியிருந்தாலும் அவர்கள் மனம் மாறியிருக்காது.

தனியாரில் காய்ச்சல் குறைவாக வரும் வேறு வகை ஊசி இருக்கிறது என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. ஊரில் வலி இல்லாத ஊசி என்பார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும், கக்குவான் இருமலுக்கு எதிரான அதன் பாதுகாப்பு நம் ஊசியைவிடச் சீக்கிரம் குறையும் என்பதையும் சேர்த்தே சொன்னார். அரசு ஊழியர்கள் இதைச் சொல்லலாமா என்று சிலர் கேட்பார்கள். பெற்றோர் எப்படியும் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். நாம் மறைத்தோம் என்று தெரிந்தால் நாம் சொன்ன மற்றதையும் நம்ப மாட்டார்கள்.

அப்பா உடனே சம்மதிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அதையும் எழுதினேன். சில நாள் கழித்து அவரே நிபந்தனைகளோடு வந்தார். அவர் வேலைக்குப் போகாத நாளில் போட வேண்டும், போட்ட பிறகு அரை மணி நேரம் டாக்டர் இருக்கும் இடத்திலேயே உட்கார வைக்க வேண்டும், அன்று மாலை நான் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், முதல் நாள் பெண்டா ஒன்று மட்டும் போதும். அட்டவணைப்படி எல்லாவற்றையும் ஒரே நாளில் போடுவதுதான் சரி என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அப்பா ஒப்புக்கொள்ளாததால் கிடைத்ததை ஏற்றுக்கொண்டோம். அரை மணி நேரம் உட்கார வைப்பது எப்படியும் நம் விதிதான், அவருக்காக ஒன்றும் புதிதாகச் செய்யவில்லை. நான்காவது மாதத்தில் முதல் பெண்டா போட்டோம். இரவு காய்ச்சல் வந்தது. எடை பார்த்து எழுதிக் கொடுத்திருந்த அளவில் பாராசிட்டமால் கொடுத்தார்கள். அந்த மருந்து காய்ச்சலின் சிரமத்தைக் குறைக்கும், வலிப்பே வராது என்று உத்தரவாதம் தராது என்பதை முன்பே சொல்லியிருந்தோம். மறுநாள் குழந்தை சாதாரணமாக இருந்தாள். நான்கு வார இடைவெளியில் மீதித் தவணைகள் முடிந்தன, மற்ற ஊசிகளும் கூடவே போடப்பட்டன.

எல்லா வீடும் இப்படி முடியாது. இயற்கை வைத்தியத்தில் முழு நம்பிக்கை உள்ள ஒரு குடும்பம் கடைசி வரை சம்மதிக்கவில்லை. எத்தனையோ முறை பேசியும் பதில் மாறவில்லை. அங்கேயும் பதிவு வீணாகவில்லை. "ஊசி எதுவும் போடாத குழந்தை" என்று கார்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தோம். மருத்துவமனைக்கு எதற்காகப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள் என்று பெற்றோரிடமும் சொன்னோம். பையன் பிறகு துருப்பிடித்த தகரத்தில் காலைக் கிழித்துக்கொண்டு வந்தபோது, பணியில் இருந்த டாக்டர் புதியவர். கார்டைப் பார்த்ததும், வழக்கமான ஒரு டி.டி. ஊசி இவனுக்குப் போதாது, ரண ஜன்னிக்கு எதிராக உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்பா அன்றைக்கு அந்தச் சிகிச்சைக்குச் சம்மதித்தார்.

ஊசி போடாத குழந்தையின் பெற்றோரிடம் இந்த எச்சரிக்கைகளைச் சொல்லி, சொன்னதாக எழுதுவதுதான் மறுப்புப் பதிவின் மிக முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன். உங்கள் படிவத்தில் "பின்விளைவு" என்ற ஒரே சொல்லில் இது முடிந்துபோகிறது. என்ன பின்விளைவு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சின்னக் கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்தால் அதற்கே உரிய இழுப்புச் சத்தம் வராமலே போகலாம், இருமலுக்கு நடுவில் மூச்சு நின்று முகம் நீலம் பூக்கும். தொண்டையில் சாம்பல் நிறப் படலமும் கழுத்தில் வீக்கமும் இருந்தால் அது தொண்டை அடைப்பானாக இருக்கலாம். அதற்கான எதிர்நச்சு மருந்தைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன், ஊசி போடவில்லை என்று தெரிந்தால்தான் டாக்டர் அந்தத் திசையில் உடனே யோசிப்பார். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் காத்திருப்போர் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைக்காமல் முதலில் ஆளை விட்டுச் சொல்ல வேண்டும், தட்டம்மை அங்கிருக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். இவை மிரட்டல் இல்லை. மறுத்த பிறகும் அந்தக் குழந்தை நம் பொறுப்பில்தான் இருக்கிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் முறை.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையெழுத்து கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. அதுவரை தன் பயத்தைச் சொல்லிக்கொண்டிருந்த தாய், பேனாவைப் பார்த்ததும் தன்மேல் ஏதோ வழக்கு வரப்போகிறது என்று நினைக்கிறார். சில இடங்களில் ரேஷன் கார்டுக்குச் சிக்கல் வரும், பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, பள்ளியில் சேர்க்க மாட்டார்கள் என்று சொல்லியே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நம் நாட்டில் குழந்தைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கும் சட்டம் இப்போது இல்லை. இல்லாத தண்டனையைச் சொல்லிப் பயமுறுத்தக்கூடாது. அதைவிட மோசம், பொறுப்பு எங்களுடையது என்று எழுதிக் கொடுத்தவர் பிறகு மனம் மாறினாலும் திரும்பி வரக் கூச்சப்படுவார். தன் வாக்கைத் தானே மாற்றுவதுபோல ஆகிவிடுகிறது அல்லவா? கையெழுத்து இல்லாமலே செவிலியரும் டாக்டரும் தேதி போட்டு எழுதும் குறிப்பு பதிவாகத்தான் இருக்கும்.

மறுபடி கேட்பது என்றால் வாரம் தவறாமல் போய்க் கதவைத் தட்டுவது இல்லை. கிராம நிர்வாக அலுவலரையும் தலைவரையும் கூட்டிக்கொண்டு போய் நிற்பதும் இல்லை. பேசி முடித்ததும், "சரிம்மா, மறுபடி எப்போ கேட்கலாம்?" என்று அவர்களிடமே கேட்டால் பெரும்பாலும் ஒரு நாளைச் சொல்வார்கள். அவர்கள் சொன்ன நாளைக் குறிக்க வேண்டும். கூடவே நம் கணக்கையும் பார்க்க வேண்டும். ரோட்டாவும் பெண்டாவும் ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும், ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி வருகிறது. குழந்தை ஒன்பது மாதத்தைத் தொடும்போது ஒருமுறை, பத்தாவது, பதினோராவது மாதங்களில் இன்னொரு முறை கேட்பதற்கு இந்த வயது வரம்புகளே காரணம், பெற்றோரிடமும் அதையே சொல்லலாம். பெண்டாவை மறுத்தவர் தட்டம்மை ஊசிக்குச் சம்மதிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பக்கத்துத் தெருவில் தட்டம்மை வந்தாலும், வீட்டில் அடுத்த குழந்தை உண்டானாலும், மறுத்த வீடுகளுக்கு நாள் பார்க்காமல் போக வேண்டும்.

போலியோ முகாம்களில் நம் துறைக்கே இது தெரிந்திருந்தது. சொட்டு மருந்து விடுபட்ட வீட்டுச் சுவரில் சாக்பீஸால் எக்ஸ் என்று எழுதினோம். எழுதியது அந்த வீட்டுக்கு மறுபடி போவதற்காக. இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தை. விடுபட்ட வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போகாமல் அந்த நிலையை எட்டியிருக்க முடியாது.

ஊசி போட்ட குழந்தைகளின் சதவீதம் குறைந்தால் மேலிடத்தில் உங்களிடம் கேள்வி கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் மீதிப் பேரில் சதவீதம் கூடும். ஊசி போடாத குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் குறையாது.

ஆகவே நான் கேட்பவை இவை.

பொறுப்பு எங்களுடையது என்ற வரியோடு இருக்கும் அந்தப் படிவத்தைத் திரும்பப் பெறுங்கள். வாய்மொழியாகச் சொன்ன உத்தரவை எழுத்தில் ரத்து செய்யுங்கள். வாய்மொழியாக மாற்றினால் அடுத்த கூட்டத்தில் மறுபடி பழையபடி ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்புத் தாளைக் கொடுங்கள். எந்த ஊசிக்கு மறுப்பு, எதற்குச் சம்மதம், வீட்டில் யார் பேசினார்கள், காரணம் அவர்கள் சொன்ன சொற்களிலேயே, நாம் என்ன விளக்கினோம், பதில் சொல்ல முடியாத கேள்வி எது, ஊசி இல்லாத காலத்தில் கவனிக்க வேண்டிய அறிகுறிகளைச் சொன்னோமா, மறுபடி பேசும் நாள், பேசப் போவது யார். இவ்வளவுக்கும் இடம் இருந்தால் போதும். பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றால் விருப்பத்தின் பேரில் மட்டும் இருக்கட்டும். இந்தத் தாளின் நகல் ஒன்றைப் பெற்றோருக்கும் கொடுக்க வேண்டும்.

தள்ளிப்போட்டவர்கள், இடம் மாறியவர்கள், மருந்து இல்லாமல் திரும்பியவர்கள் ஆகியோரை மறுப்பில் சேர்க்கக்கூடாது என்று எழுத்தில் சொல்லுங்கள். தாய் வீட்டுக்குப் போன குழந்தையின் குறிப்பு அந்த ஊர்ச் செவிலியருக்குப் போய்ச் சேர்வதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

முன்பு ஊசி போட்டபோது காய்ச்சலோ வலிப்போ வேறு பாதிப்போ வந்தது என்று ஒரு குடும்பம் சொன்னால், அந்தக் குடும்பத்தை டாக்டர் நேரில் சந்திக்க வேண்டும். அந்தப் பாதிப்பு உரிய முறையில் தெரிவிக்கப்பட்டதா என்று பார்த்து, இல்லையென்றால் இப்போதாவது தெரிவிக்க வேண்டும்.

மறுத்த குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் வைத்து மாதக் கூட்டத்தில் பாருங்கள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்காமல், அடுத்து யாரிடம் எப்போது பேசப் போகிறீர்கள் என்று செவிலியரிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்கு மாலையில் போக வேண்டியிருந்தால் அதை வேலை நேரமாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைத் தாமதிக்க முடியாது. இந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கி ஏற்கெனவே பட்டியலிலிருந்து எடுத்த பெயர்களை அடுத்த ஆய்வுக் கூட்டத்துக்கு முன் திரும்பச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கு முதலில் ஆள் போக வேண்டும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர்